ரசீது தொலைந்தாலும் கணக்கு தொலையவில்லை: மின்வாரிய அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களிலும் வருவாய்ப் பிரிவுகளிலும் பணிபுரியும் பொறியாளர்களுக்கும், கணக்கீட்டாளர்களுக்கும், கணக்கு அலுவலர்களுக்கும், அவர்களுக்கு நடைமுறை வகுத்துத் தரும் தலைமை அலுவலகத்தாருக்கும்,



வீட்டைக் காலி செய்துவிட்டு வேறிடம் போகும் ஒருவர், தன் பெயரில் இருந்த மின் இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கச் சொல்லி உங்களிடம் எழுதிக் கொடுக்கிறார். மீட்டர் கழற்றப்படுகிறது, கம்பத்திலிருந்து வந்த சர்வீஸ் ஒயர் அவிழ்க்கப்படுகிறது, கடைசிப் பட்டியலுக்கான பணத்தை அவர் கட்டிவிடுகிறார். அதோடு உங்களுக்கும் அவருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முடிந்தது. முடியாமல் நிற்பது ஒன்றுதான். இணைப்பு வாங்கிய நாளில் அவர் கட்டிய காப்புத்தொகையும், பிறகு கூடுதல் வைப்புத்தொகை என்று அவ்வப்போது பட்டியலில் சேர்த்து நீங்கள் வாங்கிய பணமும் இன்னும் உங்களிடமே இருக்கின்றன. இந்தப் பணத்தைத் திரும்பப் பெற அவர் இரண்டாவதாக ஒரு விண்ணப்பம் எழுதவோ, பழைய அசல் ரசீதைத் தேடவோ, ரசீது இல்லையென்றால் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வரவோ தேவை இருக்கக் கூடாது என்பதே இந்த மடலின் கோரிக்கை. அந்தத் தொகை எவ்வளவு, யார் பெயரில் இருக்கிறது என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த ஒன்றை அவர் நிரூபிக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

காப்புத்தொகை எதற்காக வாங்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வீட்டு இணைப்புகளில் நாம் முதலில் மின்சாரத்தைப் பயன்படுத்திவிட்டுப் பிறகுதான் பணம் கட்டுகிறோம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் குறிக்கிறார். அன்றிலிருந்து பணம் கட்ட 20 நாள் அவகாசம் கிடைக்கிறது. ஆக, ஒரு குடும்பம் சில நேரங்களில் இரண்டரை மாதத்துக்கும் சற்று மேலான மின்சாரத்துக்கு உங்களிடம் கடன்பட்டிருக்கலாம். அந்தக் கடனுக்கு ஈடாக உங்கள் கையில் இருக்கும் பிடிமானம்தான் காப்புத்தொகை. மின்சாரச் சட்டம் 2003இன் 47ஆம் பிரிவு இந்தத் தொகையை வாங்க உங்களுக்கு அனுமதி தருகிறது. முன்கூட்டியே பணம் செலுத்தும் மீட்டர் வழியாக மின்சாரம் பெறச் சம்மதிப்பவரிடம் காப்புத்தொகை கேட்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்வதைக் கவனியுங்கள். கடன் இல்லாத இடத்தில் ஈடும் வேண்டாம் என்பதுதான் சட்டத்தின் பார்வை. இணைப்பைத் துண்டித்துக் கடைசிப் பட்டியலுக்கும் பணம் கட்டியவரிடம் உங்களுக்கு வரவேண்டிய கடன் எதுவும் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து காப்புத்தொகை அதன் வேலையை முடித்துக்கொண்ட பணம்.

இனி, இந்த மடல் எந்தச் சான்றின் மேல் நிற்கிறதோ அதைச் சொல்கிறேன். அதே 47ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, காப்புத்தொகைக்கு வங்கி விகிதத்துக்குக் குறையாத வட்டி தர வேண்டும் என்கிறது. அந்த வட்டி ஆண்டுதோறும் மின் கட்டணத்தில் கழித்துக்கொள்ளப்படுகிறது. பட்டியலை ஊன்றிப் படிப்பவர்களுக்கு அந்த வரி தெரியும். மற்றவர்களுக்கு அந்த முறை கட்டணம் கொஞ்சம் குறைந்திருப்பது மட்டும் தெரியும். இந்த வட்டியைக் கணக்கிட இணைப்பு எண், அந்த எண்ணில் இருக்கும் காப்புத்தொகை, கூடுதல் தொகை வந்திருந்தால் வந்த தேதி ஆகியவை வேண்டும். இவை இல்லாமல் ஒரு ரூபாய் வட்டியைக்கூடக் கணக்கிட முடியாது. வட்டி கொடுக்கும்போது ஒருவரிடமாவது அசல் ரசீதைக் கேட்கிறீர்களா? இல்லை. கட்டணச் சராசரி உயர்ந்துவிட்டது, இருக்கும் வைப்புத்தொகை போதாது, இத்தனை ரூபாய் கூடுதலாகக் கட்டுங்கள் என்று பட்டியல் அனுப்பும்போதும் கேட்பதில்லை. இருப்பது எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தால்தானே போதாதது எவ்வளவு என்று சொல்ல முடியும்? வாங்குவதற்கும் வட்டி கொடுப்பதற்கும் நம்பத்தக்கதாக இருக்கும் அதே பதிவேடு, திருப்பிக் கொடுக்கும் நாளில் மட்டும் நம்ப முடியாததாக ஆகிவிடுமா? அசல் ரசீது கேட்கப்படும் ஒவ்வொரு மேசையிலும் விடை சொல்லப்பட வேண்டிய கேள்வி இது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டு இணைப்பில் தொடக்கக் காப்புத்தொகையும் பின்னர் வாங்கிய கூடுதல் தொகையும் சேர்ந்து 2,400 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 6.75 சதவீதம், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதம் 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் இந்த அளவில்தான் இருந்தது. மார்ச் 31 வரைக்குமான வட்டி ஏற்கெனவே பட்டியலில் கழிந்துவிட்டது. வீட்டுக்காரர் செப்டம்பர் 30 அன்று இணைப்பை முடித்துக்கொள்கிறார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாத வட்டி 81 ரூபாய். ஆக அவருக்குச் சேர வேண்டியது 2,481. கழற்றும்போது மீட்டரில் இருந்த எண்ணை வைத்துப் போட்ட இறுதிப் பட்டியல் 461 ரூபாய் என்றால், அதைக் கழித்து மீதம் 2,020 ரூபாய். அவ்வளவுதான் வேலை, ஒரு கூட்டல், ஒரு கழித்தல். இறுதிப் பட்டியலைத் தயாரிக்கும் அதே திரையில், அதே நிமிடத்தில் முடித்துவிடலாம். இப்படிச் செய்தால் அந்த 461 ரூபாயை அவர் தனியாகக் கட்டவும் வேண்டியதில்லை. ஒருவர் உங்களுக்குத் தர வேண்டியதையும் நீங்கள் அவருக்குத் தர வேண்டியதையும் இரண்டு கோப்புகளாக்கி, ஒன்றை அன்றே வசூலித்துவிட்டு மற்றொன்றைக் காத்திருக்கச் சொல்வதில்தான் கோளாறே தொடங்குகிறது.

அந்த 2,020 ரூபாயை மறுபக்கத்திலிருந்தும் பாருங்கள். சென்னையில் வீட்டை விட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபோனவர், பழைய பிரிவு அலுவலகத்துக்கு வர ரயிலிலோ பேருந்திலோ ஒரு இரவும் ஒரு பகலும் செலவிட வேண்டும். ரசீது தொலைந்துவிட்டது என்று எழுதித்தர முத்திரைத்தாள் வாங்க வேண்டும், நோட்டரி கையெழுத்துக்குப் பணம் தர வேண்டும். அன்று சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருந்தால் இன்னொரு நடை. இரண்டு முறை வந்து போனால் கைக்கு வரும் தொகையில் பாதிக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். எனவே பலர் வராமலே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் போகட்டும் என்று விட்ட பணத்தை நிறுவனம் சம்பாதித்த பணம் என்று சொல்ல முடியாது. நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் நுகர்வோர் காப்புத்தொகை பொறுப்புகளின் பக்கத்தில்தான் எழுதப்படும், வருமானத்தின் பக்கத்தில் எழுதப்படாது. கேட்டு வர முடியாதவருக்குத் தர வேண்டிய கடனும் கடன்தான்.

குடியிருப்பவர் தன் பெயரிலேயே இணைப்பு வாங்கிய இடங்களில் நிலைமை இன்னும் கடுமை. நம் ஊரில் வாடகை வீடுகளின் இணைப்பு பெரும்பாலும் வீட்டு உரிமையாளர் பெயரில்தான் இருக்கும். ஆகையால் வாடகைக்கு இருப்பவர்களில் பலருக்கு இந்தச் சிக்கலே வராது. ஆனால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கிடைக்காமல், தான் குடியிருப்பதற்கான சான்றைக் காட்டி இணைப்பு வாங்குபவர், ஈட்டுறுதிப் பத்திரம் தருவதோடு வழக்கமான காப்புத்தொகையைப் போல இருமடங்கு கட்ட வேண்டும் என்று நமது மின் பகிர்மான விதித்தொகுப்பு சொல்கிறது. அவர் எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடலாம் என்பதுதான் அந்த இருமடங்குக்குக் காரணம். காரணம் நியாயமானதே. அப்படியென்றால், நிலுவை எதுவும் வைக்காமல் அவர் கிளம்பும்போது, மற்ற எவரையும்விட முன்னதாகக் கணக்கு முடிக்கப்பட வேண்டியவர் அவரே.

உங்கள் தரப்பிலிருந்து எழக்கூடிய மறுப்புகளை நான் இலேசாக எண்ணவில்லை. முதல் மறுப்பு சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. காப்புத்தொகையை அதைக் கொடுத்தவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்றுதான் 47(4) சொல்கிறது. கேட்காமலே கொடு என்று சொல்லவில்லை. சரிதான். ஆனால் இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டுத் தருபவர் வேறு என்ன கேட்கிறார்? ஒப்பந்தத்தை முடித்துக் கணக்கைத் தீர்க்கச் சொல்கிறார். கணக்கைத் தீர்ப்பதில் இரு பக்கமும் அடங்கும். இந்தப் பொருள் தெளிவாக இல்லை என்று கருதினால், துண்டிப்பு விண்ணப்பத்திலேயே “இறுதிப் பட்டியல் போக மீதமுள்ள காப்புத்தொகையைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன்” என்று ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள். சட்டம் கேட்கும் கோரிக்கை அந்தக் கையெழுத்திலேயே நிறைவேறிவிடும்.

இரண்டாவது மறுப்பு, பிற்பாடு வெளிவரக்கூடிய நிலுவை. தணிக்கையில் ஏதேனும் விடுபட்டது தெரியவரலாம், கட்டண வகை தவறாகப் போடப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்படலாம், பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பிறகு யாரைப் பிடிப்பது என்பது அந்தக் கவலை. கவலை பொய்யானதல்ல. ஆனால் வசூலிக்கும் உரிமை காப்புத்தொகையோடு முடிந்துவிடுவதில்லை. கே.சி. நினான் எதிர் கேரள மாநில மின்வாரியம் என்ற வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரிந்ததே. விதிகளில் இடமிருந்தால், முந்தைய உரிமையாளரின் நிலுவையை அதே இடத்துக்குப் புதிதாக இணைப்பு கேட்பவரிடம் கோரலாம் என்றும், நிலுவைக்காக இணைப்பைத் துண்டிப்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் இரண்டாண்டு வரம்பு, உரிமையியல் வழக்கு மூலம் வசூலிப்பதைத் தடுக்காது என்றும் அது சொன்னது. அதாவது, போனவரையும் கேட்கலாம், விதி இருந்தால் வருபவரையும் கேட்கலாம். இரண்டு கதவும் திறந்திருக்க, என்றோ எழக்கூடும் என்ற ஒரு கணக்குக்காகக் கண்ணெதிரே தீர்ந்துபோன கணக்கின் பணத்தை நிறுத்தி வைப்பதற்கு என்ன தேவை? இறுதி அளவீட்டின்போது மீட்டரின் முத்திரை உடைந்திருக்கிறது, அல்லது எண் ஓடாமல் நின்றிருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஒரு கணக்கை மட்டும் காரணம் எழுதி நிறுத்தி வையுங்கள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. விதிவிலக்குக்காக வகுத்த எச்சரிக்கையை எல்லோருக்குமான நடைமுறையாக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மூன்றாவது மறுப்பு ஆள் அடையாளம். இதுதான் மூன்றிலும் கனமானது. இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். அவர் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருக்கும். பணம் கட்டி வந்தது மகன். துண்டிக்கச் சொல்லி வருவது பேரன். இன்னொரு வீட்டில், விற்றவர் பெயரிலேயே இணைப்பு இருக்க, வாங்கியவர் பெயர் மாற்றாமலே குடியிருந்திருப்பார். 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை நடந்த ஆதார் இணைப்பில் வீட்டு மின் இணைப்பு எண்களோடு ஆதார் சேர்க்கப்பட்டது. ஆயினும் அப்படிச் சேர்க்கப்பட்டவர் எல்லா இடத்திலும் காப்புத்தொகை கட்டியவர் அல்லர். வாடகைதாரரின் ஆதார் சேர்ந்த இணைப்புகளும் உண்டு. ஆகவே ஆதார் ஒன்றை வைத்தே பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெயர் பொருந்தாத இடங்களில் வாரிசுச் சான்றோ, பெயர் மாற்றமோ கேட்பது முறைதான். தவறான கைக்குப் பணம் போனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த மேசையில் இருப்பவர் என்பதும் உண்மை. ஆனால் பதிவேட்டில் இருக்கும் பெயர், விண்ணப்பத்தில் இருக்கும் பெயர், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கும்போது அசல் ரசீது புதிதாக எதை நிரூபிக்கப் போகிறது? யார் கையில் தாள் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். பணம் பதிவுபெற்ற பெயருக்கு உரிய வங்கிக் கணக்குக்கே போகும் என்று ஆனபின், வேறொருவர் அதை ஏமாற்றி வாங்கிவிடுவார் என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. பெயர் மாற்றித் தருகிறார்கள். விற்பவர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் காப்புத்தொகை வாங்குபவர் பெயருக்குப் போகிறது. சம்மதம் இல்லையென்றால் வாங்குபவர் புதிதாகக் காப்புத்தொகை கட்ட வேண்டியிருக்கும். ஏற்பாடு சரியானதே. குறை என்னவென்றால், எவ்வளவு தொகையை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே விற்பவர் அந்தச் சம்மதத்தில் கையெழுத்திடுகிறார். சம்மதப் படிவத்தில் அந்த இணைப்பின் காப்புத்தொகை இத்தனை ரூபாய் என்று அச்சாகி வந்தால், விற்பவரும் வாங்குபவரும் அதையும் விலைப்பேச்சில் சேர்த்துக்கொள்வார்கள். விற்றவர் பெயரில் பணம் நிற்க, வாங்கியவரிடம் புதிதாக இன்னொரு தொகை வாங்கப்பட்டால், ஒரே மீட்டருக்கு இரண்டு காப்புத்தொகை உங்களிடம் இருக்கிறது என்று பொருள். பழையதை அந்த நாளிலேயே விற்றவருக்கு அனுப்ப வேண்டும்.

எதைக் கேட்கிறோம், எதைக் கேட்கவில்லை என்பதிலும் தெளிவு வேண்டும், அது நுகர்வோருக்கும் பயன்படும். இணைப்பு வாங்கும்போது கட்டிய மொத்தத் தொகையும் திரும்பி வராது. பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் ஆகியவை செய்த வேலைக்கான விலை, அவை செலவாகிவிட்டன. காப்புத்தொகை என்ற தலைப்பில் வாங்கியது மட்டுமே திரும்ப வர வேண்டியது. கட்டணம் கட்டாததால் ஃப்யூஸ் பிடுங்கப்பட்டுச் சும்மா கிடக்கும் இணைப்பும் முடிந்த இணைப்பு அல்ல. ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, மீட்டர் கழற்றப்பட்டால்தான் இந்தக் கோரிக்கைக்கு உயிர் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுப் போய், சில ஆண்டுகள் கழித்து வந்து கேட்பவர்களிடம் நீங்கள் கணக்கு முடியவில்லை என்று சொல்வது சரியே. கழற்றும் அன்று மீட்டரில் இருக்கும் எண்ணை அட்டையில் எழுதி, கணக்கீட்டாளரும் இணைப்பின் உரிமையாளரும் அருகருகே கையெழுத்திட்டுக்கொண்டால், பின்னால் வரும் சச்சரவுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறதே, ஒரே நேரத்தில் இவ்வளவு பணம் வெளியே போனால் தாங்குமா என்று கேட்பவர்களும் உண்டு. இணைப்பை முடித்துக்கொள்பவர்களின் பணம்தான் வெளியே போகிறது. இருப்பவர்களின் தொகை அப்படியே இருக்கிறது, புதிதாக வருபவர்களின் தொகை சேர்ந்துகொண்டும் இருக்கிறது. நட்டத்துக்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றுக்கு வேறு மருந்தும் உண்டு. அடுத்தவர் ஈடாகக் கொடுத்து வைத்த பணம் அதற்கு மருந்தாகாது.

எத்தனை நாளில் தர வேண்டும் என்ற கேள்விக்கு உங்கள் நடைமுறையிலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. அட்டையில் குறித்த நாளிலிருந்து 20 நாளுக்குள் நாங்கள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இணைப்பு போகும். அதே 20 நாள் உங்களுக்கும் போதும். அதைத் தாண்டினால், பணம் கணக்கில் சேரும் நாள் வரை வட்டி ஓடட்டும். துண்டித்த நாளோடு வட்டியை நிறுத்திவிட்டுப் பணத்தை மட்டும் வைத்திருக்கும் வழி இருக்கக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்காதவர், தன் மின் வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சட்டத்தின் 42ஆம் பிரிவு தந்த வழிகள் அவை. ஆனால் 2,020 ரூபாய்க்காக ஒருவரை மன்றம் ஏற வைப்பது, அவருக்கும் உங்கள் அலுவலர்களுக்கும் மன்றத்துக்கும் சேர்த்து அதைவிடப் பலமடங்கு செலவு வைக்கும் வேலை.

ஆகவே தலைமை அலுவலகத்தாரிடம் நான் வேண்டுவது ஒரு சுற்றறிக்கை. நிரந்தரத் துண்டிப்பு விண்ணப்பத்தையே காப்புத்தொகைக்கான கோரிக்கையாகக் கொள்ள வேண்டும். பதிவேட்டில் தொகை இருக்கும்போது அசல் ரசீது கேட்கக் கூடாது. இறுதிப் பட்டியலில் காப்புத்தொகையும் அன்று வரையிலான வட்டியும் கழிவும் மீதமும் அச்சிடப்பட வேண்டும். மீதம் 20 நாளில் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். பிரிவு அலுவலகத்தில் இருக்கும் உங்களிடம் வேண்டுவது அதைவிடச் சிறியது. சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்காமல், அடுத்த முறை ஒருவர் துண்டிப்பு விண்ணப்பத்தை நீட்டும்போது, அவருடைய இணைப்பு எண்ணைத் திரையில் தட்டி, “உங்கள் காப்புத்தொகை இவ்வளவு இருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணையும் இதிலேயே எழுதிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் நுகர்வோர்